புதுவீடு குடிபூரலிலும் கடை திறப்பிலும் ஆசியுரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"தங்கச்சியின் மகள் வீடு குடிபூருகிறாள். நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கினம். எவ்வளவு நேரம் பேசலாம்?"

மூன்று நிமிடம் நல்லது, நான்கு நிமிடம் எல்லை. நிதானமாகப் பேசுகிற ஒருவர் நிமிடத்துக்கு 80, 90 சொல்தான் பேசுவார். ஆகவே கடதாசியில் 250 சொல் இருந்தால் போதும். 300ஐத் தாண்டினால் எதையாவது வெட்ட வேண்டும்.

இதற்குக் காரணம் சபையின் நிலைமை. குடிபூரல் பெரும்பாலும் விடியற்காலை முகூர்த்தத்தில் நடக்கிறது. வந்தவர்கள் நாலு மணிக்கு எழும்பி, முழுகி, வெறும் வயிற்றோடு வந்திருப்பார்கள். ஓமப்புகையில் கண் எரியும். சின்னப்பிள்ளைகளுக்கு நித்திரை குழம்பியிருக்கும். அடுத்த பக்கத்திலே இடியப்பமும் சொதியும் ஆறிக்கொண்டிருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் பின்வரிசை கதைக்கத் தொடங்கும். அதன்பிறகு என்ன நல்ல சொல் சொன்னாலும் முன்வரிசையைத் தாண்டிப் போகாது.

நேரம் பார்க்கும்போது மனதுக்குள் வாசித்துப் பார்க்கக் கூடாது. அது பாதி நேரத்தில் முடிந்து ஏமாற்றும். வாய்விட்டு, எழுந்து நின்று, போனில் நேரத்தை ஓடவிட்டு வாசியுங்கள். வீட்டில் மூன்று நிமிடம் எடுத்தது சபையில் நான்கு எடுக்கும். இடையில் யாராவது வருவார்கள், ஒரு பிள்ளை அழும், நீங்களும் ஓரிடத்தில் தொண்டையைச் செருமுவீர்கள்.

"எந்த இடத்தில் பேசுவது? பால் காய்ச்ச முன்னமா, பிறகா, சாப்பாட்டுக்குப் பிறகா?"

பால் பொங்கிய பிறகு, சாப்பாட்டுக்கு முன்னர்.

முகூர்த்தம் என்பது வீட்டுக்குள் காலடி வைப்பதற்கும் பால் காய்ச்சுவதற்கும் உரியது. பேச்சுக்கு முகூர்த்தம் இல்லை. அதனால் பேச்சு அந்த நேரத்தைத் தின்னக் கூடாது. நிறைகுடம், விளக்கு, சுவாமி படம், உப்பு, அரிசி, மஞ்சள் எல்லாம் உள்ளே போய், பாலும் பொங்கி, தீபாராதனையும் முடிந்து, பஞ்சபுராணம் ஓதி, "வான்முகில் வழாது பெய்க" என்ற வாழ்த்தோடு பூசை நிறைவடையும். குருக்கள் திருநீறு, சந்தனம் கொடுத்து முடிந்ததும் சபை ஒருதரம் தானாகவே அமைதியாகும். அந்த ஒரு நிமிட இடைவெளிதான் உங்களுக்குரிய இடம். அதைத் தவறவிட்டால் ஆட்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்க எழும்பிவிடுவார்கள். ஒருவர் குசினியில், ஒருவர் மொட்டைமாடியில் என்று சிதறியவர்களைத் திரும்பக் கூட்டுவது பெரும்பாடு.

ஆகவே முதல்நாள் பின்னேரமே மூன்று பேருக்குச் சொல்லி வையுங்கள்: குருக்களுக்கு, மேளகாரருக்கு, பந்தியைக் கவனிப்பவருக்கு. குருக்களுக்கு அடுத்த வீட்டுக் கிரியை இருக்கும். அவர் வெளிக்கிட முன்னர் உங்கள் வணக்கம் அவரைச் சேர வேண்டும். மேளகாரருக்குச் சொல்லாவிட்டால் நீங்கள் வாய் திறக்கும்போது தவில் தொடங்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளினால் பேச்சு நடக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். கை கழுவியவர்களில் பாதிப்பேர் வேலைக்கு ஓடுவார்கள்.

"ஆசியுரையில் என்னென்ன இருக்க வேணும்?"

கடவுளையும் சபையையும் வணங்க ஓரிரு வசனம், வீட்டைப் பற்றி ஒரு செய்தி, உழைத்தவர்களுக்கு நன்றி, பிறகு ஆசி. இந்த நாலில் பெரும்பாலானோர் கோட்டை விடுவது இரண்டாவதில். "அழகான வீடு, அருமையான வீடு" என்பது செய்தி அல்ல. அதை எந்த வீட்டிலும் சொல்லலாம். அந்த வளவில் மட்டும் சொல்லக்கூடிய ஒன்று வேண்டும்.

அதை எடுப்பதற்கு ஒரு வாரம் முன்னர் வீட்டுக்காரரோடு கால் மணித்தியாலம் இருந்து கதையுங்கள். இந்தக் காணியில் முன்பு என்ன இருந்தது? எந்த மரத்தைத் தறிக்காமல் விட்டீர்கள்? கிணறு யார் வெட்டியது? பழைய வீட்டிலிருந்து எதைக் கொண்டு வந்தீர்கள்? கட்டும்போது நாள் தவறாமல் வந்து நின்றவர் யார்? இப்படிக் கேட்டால் ஐந்தாறு செய்தி கிடைக்கும். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். சபையில் இருப்பவர்கள் தலையைத் திருப்பிப் பார்க்கக்கூடிய பொருளாக அது இருந்தால் மிக நல்லது: கிணற்றுக்கட்டு, வாசல் நிலை, முற்றத்து மாமரம்.

அதே சந்திப்பில் இன்னொன்றும் கேளுங்கள்: "எதைச் சொல்லக் கூடாது?" கோபத்தில் இருக்கும் சகோதரம், வழக்கில் கிடக்கும் எல்லை, முடியாத கடன் எதுவானாலும் அப்போதே தெரிந்துவிடும்.

"ஒரு மாதிரி உரை முழுதாகத் தர முடியுமா?"

வலிகாமத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகளும் மருமகனும் தாயின் வளவிலேயே வீடு கட்டியிருக்கிறார்கள். தகப்பன் இல்லை. தாய் இருக்கிறார். பிள்ளைகள் இருவர். மகளின் அண்ணன் கனடாவில். பேசுபவர் தாயின் தமையன், அதாவது மகளுக்குத் தாய்மாமன்.

விசாரித்ததில் கிடைத்தவை: பழைய நாற்சார் வீடு 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தபோது கூரை இல்லாமல் கிடந்தது, முன்வாசலின் முதிரை நிலை மட்டும் பழுதில்லை, அதைக் கழற்றி வைத்திருந்து இப்போது புதுவீட்டு வாசலுக்குப் பூட்டியிருக்கிறார்கள், நிலையின் உட்பக்கத்தில் மகளின் உயரத்தை அளந்து தகப்பன் கத்தியால் கீறிய கோடுகள் உண்டு, தச்சர் அந்த இடத்தில் இழைப்புளி போடாமல் விட்டார், அண்ணன் கூரைச் செலவைப் பார்த்தார், வங்கிக் கடன் கொஞ்சம் உண்டு, கிணறு பேரனார் வெட்டியது, மருமகன் வேலை முடிந்து வந்து இரவிலே சுவருக்குத் தண்ணி விட்டார்.

எடுக்க வேண்டியது நிலை. கிணறு நல்ல செய்திதான். ஆனால் இரண்டையும் சேர்த்தால் இரண்டும் மெலியும். கடன் இந்தச் சபைக்கு உரியதல்ல. உரை இப்படி வரும்:

> விநாயகப் பெருமானை வணங்குகிறேன். கிரியைகளை நிறைவாகச் செய்து தந்த குருக்கள் ஐயாவுக்கும், விடியமுன்னமே வந்திருக்கிற உறவினர், அயலவர் எல்லாருக்கும் வணக்கம்.
>
> இந்த வீட்டுக்குள்ளே வரும்போது எல்லாரும் ஒரு நிலையைத் தாண்டித்தான் வந்தீர்கள். புதுச் சுவருக்கு நடுவிலே அது மட்டும் கறுத்து, வழவழவென்று இருக்கும். முதிரை மரம். என்ரை மச்சான் தன்ரை வீட்டுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்வித்த நிலை. கூரை போன காலத்திலும் அது நின்றது.
>
> போகும்போது அந்த நிலையின் உட்பக்கத்தை ஒருக்கால் பாருங்கோ. சின்னச் சின்னக் கோடு தெரியும். ஒவ்வொரு சித்திரை வருசத்துக்கும் மகளை அதிலே சாய்த்து நிற்கவைத்து, தலைக்கு நேரே மச்சான் கீறின கோடு. அந்தக் கோடுகளுக்கு மேலே இழைப்புளி படாமல் வேலை செய்து தந்த தச்சர் ஐயா இந்தச் சபையிலே இருக்கிறார். அவருக்கும், அத்திவாரம் தொடங்கி ஓடு போடும்வரை நின்ற மேசன்மாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.
>
> மருமகன், வேலையாலே வந்து, இரவிலே சுவருக்குத் தண்ணி விட்டீர்கள். அந்த ஈரம் இந்த வீட்டுக்குப் பலமாக இருக்கட்டும். தூரத்திலே இருந்தாலும் தங்கச்சியின் வீட்டுக்கு நிழலாக நின்ற மருமகப்பிள்ளை இப்போது போனிலே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய குடும்பமும் செழிக்கட்டும்.
>
> மகள், மருமகன், இந்த வீட்டு அடுப்பிலே பால் பொங்கினது போலச் செல்வம் பொங்கட்டும். அம்மா இருக்கிற திண்ணையிலே எப்போதும் பேச்சும் சிரிப்பும் இருக்கட்டும். வருகிறவர்களுக்கு வாசல் திறந்திருக்கட்டும். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரின் கோடும் அந்த நிலையிலே வருசா வருசம் ஏறட்டும். நல்லூர்க் கந்தன் துணை நிற்க, நீடூழி வாழ்க.

இதில் கவனிக்க வேண்டியவை சில. தகப்பன் இறந்தவராக அல்ல, நிலை செய்வித்தவராகவும் கோடு கீறியவராகவும் வருகிறார். போரைப் பற்றி ஒரே ஒரு வசனம். அதுவும் "நின்றது" என்ற சொல்லில் முடிகிறது. அண்ணன் எவ்வளவு அனுப்பினார் என்பதும், எதற்கு அனுப்பினார் என்பதும் இல்லை. முடிவில் வரும் ஆசி முன்பு சொன்ன கோட்டிலிருந்தே எழுகிறது. இந்த ஆசியை வேறு எந்த வீட்டிலும் வாசிக்க முடியாது. அதுதான் வேண்டியது.

இந்த உரையை அப்படியே எடுத்துப் பெயரை மாற்றி வாசிக்க முயல வேண்டாம். உங்கள் வீட்டில் நிலை இல்லை, வேறொன்று இருக்கும்.

"பிள்ளைகளுக்கு நாலு புத்திமதியும் சொல்லலாம்தானே?"

வேண்டாம். புத்திமதி சொல்ல வேறு நாள் இருக்கிறது. இன்று அவர்கள் சபை முன்னே பட்டுடுத்தி நிற்கிறார்கள், மறுமொழி சொல்ல முடியாது. "வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்யக் கூடாது" என்று பெரியவர் சொன்னால், இவர்கள் அப்படிச் செய்கிறார்களாக்கும் என்று சபை நினைக்கும். "மாமியாரைக் கவனிக்க வேணும்" என்றால் அதைவிட மோசம்.

எழுதிய பிறகு வசனங்களின் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். "கூடாது", "மறக்காதேயுங்கோ", "கவனம்" என்று முடிவதெல்லாம் புத்திமதி. "வாழ்க", "பெருகுக", "இருக்கட்டும்" என்று முடிவது ஆசி. புத்திமதியைப் பெரும்பாலும் ஆசியாக மாற்றிவிடலாம். "அயலட்டையோடு சண்டை பிடிக்காதேயுங்கோ" என்பதை "அயலட்டை உங்களுக்கு உறவாக இருக்கட்டும்" என்று சொன்னால் யாருக்கும் குத்தாது. கேட்டுக்கொண்டிருக்கும் அயலவருக்கும் இனிக்கும்.

"நோய்நொடி இல்லாமல், கஷ்டம் இல்லாமல் என்று வாழ்த்தலாமா? சிலர் அது அபசகுனம் என்கினம்."

பெரிய குற்றம் இல்லை. ஆனாலும் தவிர்ப்பதே வழக்கம், அதில் நியாயமும் உண்டு. "இல்லாமல்" என்ற சொல் காற்றோடு போய்விடும், "நோய்" என்ற சொல்தான் காதில் தங்கும். "உடல்நலத்தோடு", "மனநிறைவோடு" என்றால் முடிந்தது. வீடு தொடர்பான பேச்சில் விழுதல், உடைதல், எரிதல், பிரிதல் என்பவற்றையும் விலக்குங்கள். விளக்கு "அணைகிறது" என்று யாரும் இங்கே சொல்வதில்லை, "நூர்கிறது" என்போம். ஆசியுரையில் அதுவும் வேண்டாம், "விளக்கு நின்று ஒளிரட்டும்" போதும்.

இன்னொன்று: "பதினாறும் பெற்று" என்பது கலியாண வாழ்த்து. வளர்ந்த பிள்ளைகளோடு குடிபூருகிறவர்களுக்கு அதைச் சொன்னால் சபை சிரிக்கும்.

"வீடு கட்டின ஆசையோடேயே தகப்பன் போய்விட்டார். அவரைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரேல்லை."

சொல்லுங்கள். இடம்தான் முக்கியம். உரையின் நடுவில் சொல்ல வேண்டும், முடிவில் அல்ல. நடுவில் சொன்னால், கண் கலங்கியவர்கள் நன்றியும் ஆசியும் கேட்டுத் தேறிவிடுவார்கள். முடிவில் சொன்னால் அந்தக் கண்ணீரோடு பந்திக்குப் போவார்கள்.

சொல்லும்போது அவர் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்: நட்ட தென்னை, வெட்டிய கிணறு, அறுக்கக் கொடுத்த பலாமரம். "இதைப் பார்க்க அவர் இல்லையே" என்ற வசனத்தை எழுதியிருந்தால் வெட்டிவிடுங்கள். எல்லாருக்கும் தெரிந்ததுதான் அது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதைத் தாங்கிக்கொண்டு நிற்பதே அன்றைய வேலையாக இருக்கும். காணாமற்போன பிள்ளை உள்ள குடும்பமென்றால் இன்னும் கவனம் வேண்டும். அவரைப் பற்றிப் பேசலாமா, எந்தக் காலத்தில் வைத்துப் பேசுவது என்பதைத் தாயிடம் கேட்டு, தாய் சொன்ன சொல்லாலேயே சொல்லுங்கள்.

"அம்மா கணவனை இழந்தவர். அவர் ஆசி சொல்லலாமா? சொந்தக்காரர் சிலர் முணுமுணுப்பினம்."

தாயின் ஆசிக்கு மேல் ஒரு ஆசி இல்லை. நிறைகுடம் தூக்குவது, விளக்கேற்றுவது போன்றவற்றில் சில வீடுகளில் இன்னமும் சுமங்கலிகளையே முன்விடுகிறார்கள். அந்த வழக்கம் மாற வேண்டியது என்பதே எங்கள் எண்ணம். ஆனால் அதைக் குடிபூரல் காலையில், தாயை நடுவில் நிறுத்தி வாதாடித் தீர்க்க முடியாது. ஆசி வாய்ச்சொல். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். முதல்நாளே அவரிடம் தனியாகக் கேளுங்கள்: பேச விருப்பமா, அல்லது முன்னே இருந்தால் போதுமா? சபையில் வைத்துத் திடீரென்று ஒலிவாங்கியை நீட்டினால் பதறிவிடுவார். பேச விரும்பினால் ஒரு வசனம் போதும், "என்ரை பிள்ளையள் நல்லா இருக்க வேணும்" என்றாலே நிறைவு. பேச விரும்பாவிட்டால், கதிரையை முன்வரிசை நடுவில் போடுங்கள். பந்தல் வாசலிலோ குசினிப் பக்கமோ அவர் ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பேரப்பிள்ளையை அருகில் இருத்துங்கள். உங்கள் உரை முடிந்ததும் "இனி அம்மாவிடம் ஆசி வாங்குங்கோ" என்று சொல்லிவிட்டால், மகளும் மருமகனும் எழுந்து போய் அவர் காலில் விழுவார்கள். முணுமுணுப்பவர்களுக்கு அதற்குமேல் கதை இருக்காது.

"யார் யார் பெயரைச் சொல்வது? ஒருவரை விட்டாலும் மனஸ்தாபம்."

பெயர்ப்பட்டியல் வாசிக்கத் தொடங்கினால் விடுபடுவது நிச்சயம். முறைப் பெயரால் கூட்டமாகச் சொல்லுங்கள்: பெரியப்பா, சித்தப்பாமார், மாமா மாமிமார், அயலவர். தனித்துச் சொல்வதென்றால் வேலை செய்தவர்களைச் சொல்லுங்கள். மேசனும் தச்சரும் பின்வரிசையில் கூச்சத்தோடு இருப்பார்கள். அவர்களைச் சொன்னதற்காக எந்தச் சித்தப்பாவும் கோபிக்க மாட்டார். சொல்லப் போகும் பெயரைச் சரியாகக் கேட்டு எழுதி வையுங்கள்.

காசுக் கதை முற்றாக வேண்டாம். வெளிநாட்டுக் காசு, கடன், சீதனம் மூன்றும் இந்தச் சபையில் எந்த வடிவிலும் வரக்கூடாது. "மகளுக்குக் கொடுத்த வீடு" என்று நீங்கள் பெருமையாகச் சொல்வது மருமகனின் தாய்க்கு எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். "இவர்கள் இருவரின் வீடு" என்பது எல்லாருக்கும் பொருந்தும்.

"என்ன பாட்டு, என்ன குறள் சேர்க்கலாம்?"

ஒன்று போதும். பஞ்சபுராணம் ஏற்கனவே ஓதியாயிற்று, நீங்களும் தேவாரம் பாடினால் பூசை திரும்பத் தொடங்கியது போலிருக்கும். குறள் என்றால் வீட்டுக்குப் பொருத்தமானது விருந்தோம்பல் அதிகாரத்தின் 84ஆவது குறள்: "அகனமர்ந்து செய்யாள் உறையும் முகனமர்ந்து நல்விருந்து ஓம்புவான் இல்." முகம் மலர்ந்து விருந்தினரைப் பேணுகிறவன் வீட்டில் திருமகள் மனம் மகிழ்ந்து தங்குவாள் என்பது பொருள். பொருளை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு நகருங்கள். உரை விளக்கம் தொடங்கினால் வகுப்பறையாகிவிடும். பாடமில்லாத குறளைச் சபையில் முயன்று பார்க்க வேண்டாம், நடுவில் நின்றுவிட்டால் முழு உரையும் அதோடு தளரும்.

கிறிஸ்தவ வீடுகளில் குருவானவர் அல்லது போதகர் வீட்டை ஆசீர்வதித்த பிறகு உறவினர் பேசுவதுண்டு. ஆண்டவர் வீட்டைக் கட்டாவிட்டால் கட்டுகிறவர்களின் உழைப்பு வீண் என்று தொடங்கும் 127ஆம் சங்கீதம் அங்கே பொருத்தம். கத்தோலிக்கரின் மொழிபெயர்ப்பும் மற்றச் சபைகளின் மொழிபெயர்ப்பும் சொல்லுக்குச் சொல் வேறுபடும். அந்த வீட்டில் எந்த வேதாகமம் வாசிக்கிறார்களோ அதிலிருந்தே எழுதிக்கொள்ளுங்கள்.

"நான் வயதில் சின்னவன். மூத்தவர்களுக்கு எப்படி ஆசி சொல்வது?"

ஆசி சொல்லாதீர்கள், வேண்டிக்கொள்ளுங்கள். "அண்ணாவும் அண்ணியும் நீண்டகாலம் மகிழ்ச்சியாக இந்த வீட்டில் வாழ இறைவனை வேண்டுகிறேன்." இதற்குமேல் தயக்கம் காட்டி, வயதில்லை தகுதியில்லை என்று ஒரு நிமிடம் செலவழிக்க வேண்டியதில்லை.

"கடை திறப்புக்கும் இதே உரை சரிவருமா?"

அமைப்பு ஒன்றுதான், ஆனால் மூன்று இடத்தில் மாறும்.

முதலாவது நேரம். கடையில் விளக்கேற்றல், கல்லாப்பெட்டிக்குப் பூசை, முதல் வியாபாரம் மூன்றும் நல்ல நேரத்துக்குள் முடிய வேண்டும். வெள்ளிக்கிழமை திறப்பதாக வைப்போம். அன்றைக்கு ராகுகாலம் 10.30 முதல் 12 வரை. பூசை பத்து மணிக்கு முடிந்து, நீங்கள் பேசத் தொடங்கி, பேச்சு இழுபட்டால் முதல் வியாபாரம் ராகுகாலத்தில் விழும். கடைக்காரருக்கு அது வருசக்கணக்காக மனதில் அரிக்கும். எனவே கைராசிக்காரர் என்று அவர்கள் கூப்பிட்டு வைத்திருக்கும் ஆள் முதலில் சாமான் வாங்கட்டும். காசு கல்லாப்பெட்டிக்குள் போகட்டும். பிறகு பேசுங்கள். வாக்கியம், திருக்கணிதம் இரண்டு பஞ்சாங்கமும் இங்கே புழக்கத்தில் உண்டு, இரண்டிலும் நேரம் சில வேளை வேறுபடும். எதைப் பார்த்து நேரம் வைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அயல்கடை. அதே தொழில் செய்கிறவர் பக்கத்திலேயே இருப்பார், மரியாதைக்கு வந்தும் நிற்பார். "இந்தச் சந்தியிலேயே இதுதான் முதல்தரக் கடை" என்று சொன்னால் அவர் தேத்தண்ணீர் குடிக்காமலே போவார்.

மூன்றாவது வாக்குறுதி. "மலிவாகத் தருவா", "கேட்டால் கடனுக்கும் தருவா" என்று அன்பிலே சொல்லிவிடுவார்கள். அடுத்தநாளே ஒருவர் வந்து "மாமா சொன்னவர்தானே" என்று நிற்பார். விலையும் கடனும் கடைக்காரரின் வாயிலிருந்தே வரட்டும்.

வீட்டு விறாந்தையில் தையல் மெசினோடு தொடங்கி, இப்போது சந்தியில் சிறு கடை எடுத்திருக்கும் ஒரு பெண்ணுக்குப் பெரியம்மா முறையானவர் இப்படிச் சொல்லலாம்:

> பிள்ளையாரை வணங்கி, வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம் சொல்லுகிறேன். பிள்ளை, வெட்டின துணியிலே மிஞ்சினதை, சின்னத் துண்டென்றாலும், மடித்து உரியவரிடம் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் உன்னிடம் தொடக்கத்திலேயே இருந்தது. உன்னைத் தேடி ஆட்கள் வந்தது அதனாலே. "வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோல் செயின்" என்று வள்ளுவர் சொன்னதும் இதைத்தான்: பிறர் பொருளையும் தன் பொருள் போலப் பார்ப்பதே வியாபாரம். இந்தச் சந்தியிலே முன்னமே கடை வைத்திருக்கிற அண்ணாமார், அக்காமார் உனக்குத் துணையாக இருக்கட்டும். உன்ரை கைக்கு ஓயாத வேலையும், வேலைக்கு ஏற்ற வரும்படியும் வரட்டும். காலமை திறக்கிற திறப்பு பின்னேரம் நிறைந்த மனதோடு பூட்டட்டும். மகாலட்சுமி இந்தக் கடையிலே தங்கட்டும்.

ஏறக்குறைய ஒரு நிமிடம். கடை திறப்பில் எல்லாரும் நின்றுகொண்டே கேட்பார்கள், வெயிலும் ஏறும். இதற்குமேல் வேண்டாம்.

"பார்த்து வாசிக்கலாமா?"

தாராளமாக. அரைத்தாளில் பெரிய எழுத்தாக, ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். ஓமப்புகையில் கண் கலங்கும்போது சின்ன எழுத்துத் தெரியாது. போனைப் பார்த்து வாசிப்பதைத் தவிருங்கள். திரை மங்கும், இடையில் அழைப்பு வரும். கடைசி ஆசி வசனங்களை மட்டும் பாடமாக்குங்கள். அவற்றைச் சொல்லும்போது உங்கள் கண் கடதாசியில் அல்ல, அந்தத் தம்பதியில் இருக்க வேண்டும்.

சின்ன வீட்டில் ஒலிவாங்கி தேவையில்லை. முப்பது நாற்பது பேருக்கு எழுந்து நின்று பேசினாலே கேட்கும். சுவாமி அறைக்கு முதுகு காட்டி நிற்காமல், ஒரு பக்கமாக நில்லுங்கள்.

"துடக்கு வந்துவிட்டது. பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன்."

31ஆம் நாள் அந்தியேட்டி முடியும்வரை போகாமல் விடுவதே வழக்கம். எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து, அவர் பெயரிலேயே பேசச் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொன்னால் காரணமும் பேச்சாகிவிடும்.

"கனடாவில் இருக்கிற பெரியப்பா வீடியோவில் ஆசி சொல்ல விரும்புகிறார்."

யாழ்ப்பாணத்தில் காலை 6.30 என்றால் ரொறொன்ரோவில் முதல்நாள் இரவு எட்டு மணி, அங்கே கோடைகாலத்தில் ஒன்பது. அவருக்கு வசதியான நேரம்தான். இலண்டனில் இருப்பவருக்கு அது நள்ளிரவு தாண்டி ஒன்று அல்லது இரண்டு மணி.

நேரடி அழைப்பை நம்பி உரையை வைக்க வேண்டாம். சபையில் போன் திரும்பி இணைய எடுக்கும் இரண்டு நிமிடத்தில் எல்லாரும் எழும்பிவிடுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் முன்கூட்டியே பேசிப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். அதை முதல்நாளே போனில் இறக்கி, ஸ்பீக்கரில் ஒருதரம் போட்டுப் பாருங்கள். "இன்று" என்று பேசட்டும், திகதி சொல்ல வேண்டாம். அவருடைய நாளும் இங்குள்ள நாளும் ஒன்றாக இராது. நேரடி அழைப்பைச் சாப்பாடு முடிந்த பிறகு எடுத்து, போனைக் கையில் கொண்டு வீடு முழுதும் சுற்றிக் காட்டுங்கள். அவர் பார்க்க ஆசைப்படுவது குசினியையும் கிணற்றடியையும்தான்.